ஸ்டாட்டின் போதாதபோது: எசெடிமைப், ஊசி மருந்துகள், இன்னும் சில – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டிரால் 84. லேப் தாளில் 100-க்குக் கீழே இருந்தால் சரி என்றுதான் அச்சிட்டிருக்கிறது. பிறகு எதற்கு, ஸ்டாட்டின் என்ற கொலஸ்டிரால் மாத்திரைக்கு மேல் இன்னொரு மாத்திரை?

லேப் தாளின் ஓரத்தில் இருக்கும் அளவு எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. உங்கள் இதயக் குழாயில் ஒருமுறை அடைப்பு வந்துவிட்டது என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. எல்டிஎல்லுக்கு எல்லோருக்குமான ஒரே 'நார்மல்' கிடையாது. உங்களுக்கு ஆபத்து எவ்வளவு என்பதை வைத்துத்தான் இலக்கு. மாரடைப்போ, அடைப்பினால் வந்த பக்கவாதமோ, காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்போ வந்தவர்களுக்கு 2019-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது: எல்டிஎல் 55-க்குக் கீழே வர வேண்டும், அத்தோடு, மருந்து தொடங்கும் முன் இருந்ததில் பாதியாவது குறைந்திருக்க வேண்டும். 2018-இன் அமெரிக்க வழிகாட்டுதல் சற்றுத் தளர்வானது. மிக அதிக ஆபத்துள்ளவருக்கு, முழு அளவு ஸ்டாட்டினுக்குப் பிறகும் 70 அல்லது அதற்கு மேல் நின்றால் அடுத்த மருந்தைச் சேர்க்கலாம் என்றது. எதை வைத்துப் பார்த்தாலும் உங்கள் 84 இன்னும் கீழே வர வேண்டிய எண்தான். (இந்தப் பக்கத்தில் வரும் எல்டிஎல் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.)

அதே ஸ்டாட்டினின் அளவை இரண்டு மடங்காக்கிவிட்டால் போதாதா? எதற்குப் புது மருந்து?

பலர் நினைப்பது இதுதான். ஆனால் ஸ்டாட்டின் அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் பலத்தில் பெரும்பகுதி முதல் அளவிலேயே கிடைத்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு முறை அளவை இரட்டிப்பாக்கும்போதும், ஆரம்ப எல்டிஎல்லில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் கூடுதலாகக் குறையும். மருத்துவர்கள் இதை 'ஆறு விதி' என்பார்கள். அட்டோர்வாஸ்டாட்டினை 10 மில்லிகிராமிலிருந்து 20-க்கும், பிறகு 40-க்கும், பிறகு 80-க்கும் ஏற்றினால் மூன்று படி ஏறியிருப்பீர்கள். கூடுதல் பலன் சுமார் 18 சதவீதம். எசெடிமைப் ஒரே மாத்திரையில் அதைக் கொடுத்துவிடும்.

காரணம் உடலின் பிடிவாதம்தான். ஸ்டாட்டின் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கிறது. உள்ளே உற்பத்தி குறைந்ததும், குடல் வழியாக உறிஞ்சுவதை உடல் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறது. முன்வாசலைப் பூட்டினால் பின்வாசல் திறந்துகொள்வது போல. அந்தப் பின்வாசலை அடைப்பதுதான் எசெடிமைப்பின் வேலை.

அதற்காக ஸ்டாட்டினை அரைகுறை அளவில் விட்டுவிடலாம் என்று பொருளில்லை. உடம்பு தாங்குகிற வரை முழு அளவு ஸ்டாட்டின், அதன்மேல் மற்றவை. அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்ட வேண்டாம்.

எசெடிமைப் எப்படி வேலை செய்கிறது? நான் கொழுப்புள்ள உணவைத் தொடுவதே இல்லை, எனக்கு அது உதவுமா?

உதவும். குடலுக்குள் வரும் கொலஸ்டிரால் உணவிலிருந்து மட்டும் வருவதில்லை. கல்லீரல் பித்தநீர் வழியாக ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு கிராம் கொலஸ்டிராலைக் குடலுக்குள் அனுப்புகிறது. உணவில் வருவது பலருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். பித்தநீரில் வந்ததில் ஒரு பகுதியைக் குடல் மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பும். சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் என்பிசி1எல்1 என்ற புரதம்தான் இந்த உறிஞ்சலைச் செய்வது. எசெடிமைப் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கல்லீரலுக்குத் திரும்பி வரும் சரக்கு குறைகிறது. பற்றாக்குறையைச் சரிசெய்ய கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது.

நாளைக்கு 10 மில்லிகிராம், ஒரே அளவு. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. காலையா மாலையா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் வேண்டாம். தனியாகச் சாப்பிட்டால் எல்டிஎல் 18 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். ஸ்டாட்டினோடு சேர்த்தால், அப்போது மீதி இருப்பதில் 20 முதல் 25 சதவீதம் குறையும். 2002-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து, பக்கவிளைவு குறைவு. கல்லீரல் கோளாறு மிதமாகவோ கடுமையாகவோ இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒன்றின் அளவை மற்றது ஏற்றிவிடும்.

எசெடிமைப் எண்ணைத்தான் குறைக்கும், மாரடைப்பைக் குறைக்காது என்று எங்கோ படித்தேன். உண்மையா?

2015 வரை அந்தச் சந்தேகம் நியாயமானது. அந்த ஆண்டு இம்ப்ரூவ்-இட் ஆய்வின் முடிவு வெளிவந்தது. மாரடைப்போ, அதற்கு ஒப்பான திடீர் நெஞ்சுவலியோ வந்து மருத்துவமனையில் சேர்ந்த 18,144 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் மட்டும், மறுபாதிக்கு அதோடு எசெடிமைப்பும் கொடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களின் எல்டிஎல் சராசரியாக 70-ஐ ஒட்டி நின்றது. இரண்டும் எடுத்தவர்களுக்கு 54-ஐ ஒட்டி வந்தது. ஏழு ஆண்டுக் கணக்கில் இதயநோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை முதல் பிரிவில் 34.7 சதவீதம் பேருக்கு வந்தன. இரண்டாவது பிரிவில் 32.7 சதவீதம்.

வெறும் 2 சதவீதம்தானே என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஐம்பது பேர் ஏழு ஆண்டு சாப்பிட்டால் ஒருவர் தப்புகிறார் என்பதுதான் அதன் பொருள். ஆனால் இதை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே எல்டிஎல் 70-இல் இருக்கக்கூடியவர்களுக்கு, இன்னொரு 16 புள்ளியைத்தான் இறக்கினார்கள். இறக்கியது சிறிது, பலனும் சிறிது. இரண்டும் ஒரே விகிதத்தில் வந்தன. இந்த ஆய்வின் உண்மையான செய்தி அதுதான்: எந்த வழியாக எல்டிஎல் இறங்கினாலும் அதற்கேற்ற பலன் கிடைக்கிறது. இதே ஆய்வில் சர்க்கரை நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 45.5 சதவீதம் 40 ஆகக் குறைந்தது. ஆபத்து கூட இருப்பவருக்கு அதே மாத்திரை அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது. யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்டாட்டின் 50 சதவீதம், எசெடிமைப் 22, ஊசி 60 என்கிறார்கள். கூட்டினால் 132 வருகிறதே! இந்தக் கணக்கு எப்படி?

கூட்டக் கூடாது. ஒவ்வொரு மருந்தும் தனக்கு முன்னால் மீதி இருப்பதில்தான் தன் சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

58 வயது ஆண். மாரடைப்பு வந்த அன்று, எந்த மருந்தும் இல்லாத நிலையில், எல்டிஎல் 172. ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தொடங்கி ஆறு வாரம் கழித்து 84. குறைவு 51 சதவீதம். ஸ்டாட்டின் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. 'பாதி குறைய வேண்டும்' என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் 55 இன்னும் 29 புள்ளி தூரத்தில்.

எசெடிமைப் சேர்க்கிறோம். 84-இல் 22 சதவீதம் போனால் ஏறக்குறைய 66. இன்னும் 11 புள்ளி பாக்கி. இங்கே மூன்று வழி பிரிகிறது.

ஒன்று, ரோசுவாஸ்டாட்டினை 40 ஆக்குவது. ஆறு விதிப்படி ஆரம்ப 172-இல் 6 சதவீதம், அதாவது ஸ்டாட்டினில் மட்டும் 10 புள்ளி. 84-க்குப் பதிலாக 74 கிடைத்திருக்கும். அதில் எசெடிமைப்பின் 22 சதவீதத்தை எடுத்தால் 58. கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஆனால் தொடவில்லை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு 40 வேண்டாம்.

இரண்டு, பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரையைச் சேர்ப்பது. ஸ்டாட்டினோடு சேரும்போது சுமார் 17 சதவீதம். 66 என்பது 55 ஆகும். கோட்டின் மேலேயே நிற்கிறது.

மூன்று, ஊசி. 66-இல் 60 சதவீதம் போனால் 26. கோட்டைத் தாண்டி வெகுதூரம்.

இவருக்கு நான் முதல் வழியை முயன்று பார்ப்பேன். 58-இல் நின்றால் ஊசிக்கு ஓட மாட்டேன். ஆனால் இதே மனிதருக்கு சர்க்கரை நோயும் இருந்து, இரண்டாண்டுக்குள் இரண்டாவது மாரடைப்பும் வந்திருந்தால், அந்த 11 புள்ளிக்காக ஊசியைக் கையில் எடுத்துவிடுவேன். ஐரோப்பிய வழிகாட்டுதலும் அப்படிப்பட்டவருக்கு 40-க்குக் கீழே என்ற இலக்கைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எண் ஒன்றுதான், ஆள் வேறு.

ஊசி வேண்டுமென்று கேட்டால், 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா' என்கிறார் டாக்டர். நம்பாமல் கேட்பது போல இருக்கிறது.

கேட்காவிட்டால்தான் தப்பு. 'ஸ்டாட்டின் கேட்கவில்லை' என்று வருபவர்களில் பலருக்கு மருந்து உடம்புக்குள் போயிருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஆளைக் குடைய வேண்டியதில்லை. பழைய ரிப்போர்ட் ஒன்று போதும். மருந்தில்லாதபோது 172 இருந்தது, ரோசுவாஸ்டாட்டின் 20 எழுதிய பிறகும் 140 என்றால் குறைவு 19 சதவீதம்தான். 50-ஐ ஒட்டி வர வேண்டிய இடத்தில் 19 வந்தால், மாத்திரை டப்பாவில்தான் இருக்கிறது, அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வெளியே வருகிறது. அதனால் மருந்து தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதற்குப் பிறகு வரும் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்கும்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது தைராய்டு. அது மந்தமாக இருந்தால் எல்டிஎல் ஏறும். தைராய்டு மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடும். சிறுநீரில் அதிகமாகப் புரதம் போகும் சிறுநீரக நோய், பித்தநீர் அடைப்பு, சில மருந்துகள் ஆகியவையும் எண்ணை ஏற்றும். இவற்றைப் பார்க்காமல் ஊசி எழுதுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போல.

அந்த ஊசி உண்மையில் என்ன? எதிர்ப்புப் புரதம் என்கிறார்களே, தடுப்பூசி மாதிரியா?

இல்லை. தடுப்பூசி உங்கள் உடம்பையே எதிர்ப்புப் புரதம் தயாரிக்கச் சொல்லும். இங்கே தயாரான எதிர்ப்புப் புரதத்தையே உள்ளே செலுத்துகிறோம். அது சில வாரங்களில் கரைந்துபோகும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

இந்த மருந்து பிறந்த கதை எனக்குப் பிடித்தது. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. ஓர் ஏற்பி தன் சுமையை உள்ளே இறக்கிவிட்டு மேலே திரும்பும். இப்படி நூறு தடவைக்கும் மேல் போய் வரும். பிசிஎஸ்கே9 என்ற புரதம் அந்த ஏற்பியில் ஒட்டிக்கொண்டால் ஏற்பி திரும்பாது, உள்ளேயே அழிக்கப்படும். 2003-இல் பிரான்ஸைச் சேர்ந்த சில குடும்பங்களில், இந்தப் புரதத்தின் மரபணு மாறி அளவுக்கு மீறி வேலை செய்வதால் எல்டிஎல் மிக உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். பிறகு அமெரிக்காவில் தலைகீழான மனிதர்கள் கிடைத்தார்கள்: இந்த மரபணு பிறவியிலேயே பழுதானவர்கள். 2006-இல் வெளியான ஆய்வில், அத்தகைய கறுப்பின மக்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. இதயக் குழாய் நோய் 88 சதவீதம் குறைவு. 28-க்கு 88 எப்படி? அவர்கள் பிறந்ததிலிருந்தே குறைந்த எல்டிஎல்லோடு வாழ்ந்தவர்கள். எவ்வளவு குறைந்தது என்பதோடு, எத்தனை ஆண்டு குறைந்திருந்தது என்பதும் கணக்கில் சேர்கிறது.

அந்தப் புரதத்தை மருந்தால் பிடித்துவிடலாம் என்ற யோசனை எவோலோகுமாப், அலிரோகுமாப் என்ற இரண்டு ஊசிகளாக 2015-இல் சந்தைக்கு வந்தது. 2017-இல் வெளிவந்த ஃபூரியர் ஆய்வில் 27,564 பேர். எவோலோகுமாப் போட்டவர்களின் எல்டிஎல் 92-லிருந்து 30-க்கு இறங்கியது. இதய, மூளை ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் இரண்டாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் 11.3-லிருந்து 9.8 சதவீதமாகக் குறைந்தன.

ஊசி போட ஆரம்பித்தால் ஸ்டாட்டினை விட்டுவிடலாமா? ஒரு மாத்திரையாவது மிச்சமாகுமே.

ஸ்டாட்டின் ஒத்துக்கொண்டவர் விடக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டாட்டின் சாப்பிடும்போது கல்லீரல் ஏற்பிகளைக் கூட்டுகிறது; அதே சமிக்ஞையால் பிசிஎஸ்கே9-ஐயும் கூட்டுகிறது. தானே வாங்கி, தானே உடைக்கும் வீண்செலவு. ஊசி அந்த உடைக்கும் கையைப் பிடித்துக்கொள்வதால், ஸ்டாட்டின் உண்டாக்கிய ஏற்பிகள் முழுவதும் பயனுக்கு வருகின்றன. இரண்டும் சேரும்போதுதான் ஒவ்வொன்றும் தன் முழு பலத்தைக் காட்டும்.

வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன். எங்கே தப்பு நடக்கும்?

எவோலோகுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 140 மில்லிகிராம், அல்லது மாதம் ஒருமுறை 420. அலிரோகுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 75 அல்லது 150. மாதம் ஒருமுறை 300 என்ற முறையும் உண்டு. தொடை, வயிறு, மேல்கை என்று இடம் மாற்றி மாற்றித் தோலுக்கு அடியில் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் தவிர்த்துவிடுங்கள்.

நடக்கும் முதல் தப்பு, பேனாவைச் சீக்கிரம் எடுத்துவிடுவது. பொத்தானை அழுத்திச் 'சடக்' சத்தம் கேட்டதும் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து முழுவதும் இறங்க இன்னும் பல விநாடி ஆகும். பேனாவின் சிறு ஜன்னல் முழுவதும் நிறம் மாறும்வரை தோலோடு அழுத்திப் பிடித்திருங்கள். எடுத்த பிறகு தோலில் ஒரு துளி நின்றால் பரவாயில்லை. மருந்து வழிந்து ஓடினால் அந்த ஊசி வீண்.

இரண்டாவது, குளிர். மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. ஃபிரீசரை ஒட்டிய தட்டில் வைத்து ஒருமுறை உறைந்து உருகியிருந்தால், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும்; அவசரத்துக்காகச் சுடுநீரில் முக்க வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். பயணம் போகும்போது பெட்டியோடு 25 டிகிரிக்கு மிகாத இடத்தில் 30 நாள் வரை தாங்கும்.

இரண்டு வார ஊசியை மறந்துவிட்டால், நாள் தவறி ஒரு வாரத்துக்குள் என்றால் போட்டுவிட்டுப் பழைய அட்டவணையையே தொடருங்கள். ஒரு வாரம் தாண்டிவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

ஊசி வேலை செய்கிறதா என்பது சீக்கிரமே தெரியும். போட்டு ஓரிரு வாரத்தில் எல்டிஎல் கண்ணில் படும்படி விழ வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் 15 சதவீதம் மட்டும் இறங்கியிருந்தால் மருந்தைக் குறை சொல்லும் முன் போடும் முறையைப் பாருங்கள். மருத்துவர் முன்னாலேயே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அதோடு, ஸ்டாட்டினைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டீர்களா என்பதையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட பிறகு எல்டிஎல் 22. இவ்வளவு குறைந்தால் மூளை பாதிக்காதா? கொழுப்பு உடம்புக்கு வேண்டும் என்கிறார்களே?

கொலஸ்டிரால் உடம்புக்கு வேண்டும்தான். ஆனால் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை நம்பி செல்கள் இல்லை. தேவையானதைச் செல்களே தயாரித்துக்கொள்ளும். மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்தின் எல்டிஎல் அதற்குள் நுழைவதில்லை. ஃபூரியரில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நினைவாற்றலைத் தனியாகச் சோதித்தார்கள்; ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. பின்னர் பலர் ஐந்து ஆண்டுக்கு மேலும் தொடர்ந்து போட்டுக்கொண்டார்கள். அதிலும் புதிய ஆபத்து தலைகாட்டவில்லை.

ஆனால் அந்த 22 என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்டிராலைக் கழித்து, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகின்றன. எல்டிஎல் மிகக் குறைவாகவும் டிரைகிளிசரைடு கூடுதலாகவும் இருக்கும்போது இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 22 என்றது நேரடியாக அளந்தால் 32 ஆக இருக்கலாம். மருந்தைக் குறைக்க முடிவெடுக்கும் முன் நேரடி அளவு கேளுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரே ஊசி என்று ஒன்று வந்திருக்கிறதாமே?

அது இன்க்ளிசிரான். ஒரே இலக்கு, வேறு ஆயுதம். எதிர்ப்புப் புரத ஊசி ரத்தத்தில் சுற்றும் பிசிஎஸ்கே9-ஐப் பிடிக்கிறது. இன்க்ளிசிரான் கல்லீரல் செல்லுக்குள் போய் அந்தப் புரதத்துக்கான கட்டளைத் தாளையே கிழித்துவிடுகிறது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல் பாதியாகக் குறையும். ஐரோப்பா 2020 கடைசியிலும் அமெரிக்கா 2021 கடைசியிலும் எல்டிஎல் குறைவை வைத்து இதற்கு அனுமதி கொடுத்தன; மாரடைப்பு குறைந்ததற்கான நேரடி ஆதாரத்தின் மீது அல்ல. எதிர்ப்புப் புரத ஊசிகளுக்கு அந்த ஆதாரம் கையில் இருக்கிறது. ஊசியை மறப்பவருக்கும், தானே போட்டுக்கொள்ள முடியாதவருக்கும் இன்க்ளிசிரான் நல்ல வழி. மருத்துவரோ செவிலியரோ போட்டுவிடுவதால், போட்டாரா இல்லையா என்ற சந்தேகமும் இல்லை.

ஸ்டாட்டின் சாப்பிட்டாலே தசை வலிக்கிறது. மூன்று மாற்றிப் பார்த்துவிட்டேன். எனக்கு என்ன வழி?

முதலில் ஒரு சங்கடமான செய்தி. 2020-இல் வந்த சாம்சன் ஆய்வில், வலி தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு மாதம் மாதம் மாற்றி ஸ்டாட்டின், வெற்று மாத்திரை, மாத்திரையே இல்லாத மாதம் என்று ஓராண்டு கொடுத்தார்கள். மாத்திரை மாதங்களில் எது ஸ்டாட்டின், எது வெற்று மாத்திரை என்று தெரியாது. ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலித்தது உண்மை, ஆனால் வலிக்கக் காரணம் பெரும்பாலும் மருந்துக்குள் இருந்த பொருள் இல்லை. முடிவைக் காட்டிய பிறகு அவர்களில் பாதிப் பேர் ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள். எனவே குறைந்த அளவில், வேறு ஸ்டாட்டினில், நாள் விட்டு நாள் என்றாவது ஒருமுறை முயல்வது நல்லது. குறைந்த அளவு ஸ்டாட்டினோடு எசெடிமைப் சேர்த்தால் எவ்வளவோ தூரம் போகலாம். ஆனால் சிறுநீர் கருத்துப் போய், தசை சோர்ந்து, தசைச் சிதைவைக் காட்டும் சிகே அளவு பல மடங்கு ஏறியவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அது வேறு விஷயம்.

உண்மையிலேயே முடியாதவர்களுக்காகப் பெம்பெடோயிக் அமிலம், நாளைக்கு 180 மில்லிகிராம். ஸ்டாட்டின் தடுக்கும் அதே உற்பத்திப் பாதையில் இரண்டு படி முன்னால் தடுக்கிறது. இதன் சாமர்த்தியம் வேறு இடத்தில்: கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி தொட்டால்தான் இது மருந்தாக மாறும், தசையில் அந்த நொதி இல்லை. அதனால் தசைக்குள் போனாலும் சும்மா இருக்கும். ஸ்டாட்டின் இல்லாதவருக்கு எல்டிஎல் 20 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத 13,970 பேரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த கிளியர் ஆய்வில், முக்கியப் பாதிப்புகள் 13.3-லிருந்து 11.7 சதவீதமாகக் குறைந்தன.

இலவசமாக எதுவும் வராது. இது யூரிக் அமிலத்தை ஏற்றும். அதே ஆய்வில் மூட்டைத் தாக்கும் கவுட் 2.1-க்குப் பதில் 3.1 சதவீதம் பேருக்கும், பித்தப்பைக் கல் 1.2-க்குப் பதில் 2.2 சதவீதம் பேருக்கும் வந்தன. ஏற்கெனவே கவுட் வந்தவர், குதிகால் தசைநாண் கிழிந்தவர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது தசை வலி இல்லை. யூரிக் அமிலம் பாருங்கள்.

எனக்கு 45 வயது, எல்டிஎல் 128. பிரஷரும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பாதுகாப்புக்காக ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். ஸ்டாட்டினே வேண்டுமா என்பது முதலில் முடிவாகட்டும்.

ஸ்டாட்டினைத் தாண்டிய மருந்துகள் மூன்று வகை ஆட்களுக்கானவை. அடைப்பு ஏற்கெனவே வந்து, முழு ஸ்டாட்டினிலும் இலக்குக்கு வராதவர். ஸ்டாட்டினை உண்மையில் தாங்க முடியாதவர். பரம்பரையாகவே எல்டிஎல் உயர்ந்தவர். மூன்றாமவரைத்தான் அதிகம் தவற விடுகிறோம். பரம்பரை உயர் கொலஸ்டிரால் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. மருந்தில்லாமல் எல்டிஎல் 190-க்கு மேல், நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்பு, குதிகால் தசைநாணோ விரல் கணுவோ தடித்துக் கட்டியாக இருப்பது ஆகியவை அடையாளம். அப்படி ஒருவருக்கு எல்டிஎல் 290 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாட்டின் பாதியாக்கி 145, எசெடிமைப்புக்குப் பிறகு 113. இந்த இடத்தில் வேறு எந்த மாத்திரையும் எட்டாது; ஊசிதான் 45-க்குக் கொண்டுவரும். அவருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதால் அவர்களையும் சோதிக்க வேண்டும்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தவர்கள் மிக அரிது. அவர்களுக்கு ஏற்பியே இல்லாமலோ பெயரளவில் மட்டுமோ இருக்கும். ஏற்பியைக் காப்பாற்றும் ஊசிக்குக் காப்பாற்ற ஏதுமில்லை. ஏற்பியை நம்பாமல் வேலை செய்யும் எவினாகுமாப், லோமிட்டாபைட், அல்லது இயந்திரம் வழியே ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வடிகட்டும் முறை என்று அவர்களின் சிகிச்சை தனி.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளான நியாசின், ஃபைப்ரேட், அப்புறம் மீன் எண்ணெய் கேப்சூல் – இவை உதவுமா?

நியாசினை மறந்துவிடலாம். 2011-இலும் 2014-இலும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்துப் பலனில்லை, தொல்லைதான் மிஞ்சியது. ஃபைப்ரேட்டுக்கு ஒரு வேலை உண்டு: டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டும்போது கணைய அழற்சியைத் தடுக்க. மாரடைப்பைத் தடுக்க ஸ்டாட்டினோடு அதைச் சேர்ப்பது நிரூபணமாகவில்லை. மீன் எண்ணெயில் சுத்திகரித்த ஐகோசாபென்ட் ஈத்தைல் மட்டும், நாளைக்கு 4 கிராம் அளவில், டிரைகிளிசரைடு கூடிய சிலருக்குப் பயன் காட்டியது; கடையில் கிடைக்கும் சாதாரண கேப்சூல் அது அல்ல.

குழந்தை பெற யோசிக்கிறோம். இந்த மருந்துகளைத் தொடரலாமா?

கருவுறும் முயற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். எசெடிமைப், பெம்பெடோயிக் அமிலம், ஊசிகள் எல்லாவற்றையும் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். மருந்து கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் கையில் இருப்பது கொலஸ்டிராமின் போன்ற பித்த அமிலப் பிணைப்பிகள். அவை குடலை விட்டு ரத்தத்துக்குள் போவதில்லை, அதனால்தான் இந்த இடம் கிடைத்தது. மலச்சிக்கல் வரும், டிரைகிளிசரைடு ஏறும், மற்ற மருந்துகளையும் தம்மோடு பிடித்துக்கொள்ளும். ஆகவே மற்ற மாத்திரைகளுக்கு நேர இடைவெளி விட வேண்டும்.

புது மருந்து தொடங்கி எத்தனை நாளில் சோதனை செய்ய வேண்டும்? எண் சரியான பிறகு நிறுத்தலாமா?

நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறை. பிறகு மூன்று மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை. இரண்டு வார ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன் ரத்தம் கொடுங்கள். மாதம் ஒருமுறை ஊசிக்கு இது இன்னும் முக்கியம், நான்காவது வாரத்தில் எல்டிஎல் கொஞ்சம் ஏறத் தொடங்கியிருக்கும். எண் சரியானது மருந்தால்தான். எசெடிமைப்பை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண் திரும்பும். எதிர்ப்புப் புரத ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம். இன்க்ளிசிரானுக்கு மெதுவாகப் பல மாதம்.